ஐந்தடிச் சுவரில் இரண்டு அலமாரி

கிராக்கரி யூனிட் செய்ய வருகிற ஆசாரி முதல் வேலையாக டேப்பை இழுத்துச் சுவரின் அகலத்தை அளப்பார். அடுத்து உயரம். அதற்குப் பிறகு மைக்கா ஆல்பம் கைமாறும். எந்த நிறம் என்ற பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். அந்த வீட்டில் நாளும் தட்டு எடுக்கப்போகிறவர் எத்தனை அடி உயரம் என்பதை மட்டும் யாரும் அளப்பதில்லை.

அளக்காததன் விளைவு ஆறே மாதத்தில் தெரிந்துவிடும். நடுவில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கல்யாணப் பரிசாக வந்த டின்னர் செட் அழகாக நிற்கும். அன்றாடத் தட்டுகளுக்கென்று ஒதுக்கிய கீழ்க் கதவைத் திறக்க வேண்டுமானால் சாப்பாட்டு நாற்காலியை நகர்த்தி, குனிந்து, உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டும். ஒரு வாரம் குனிவார்கள். பிறகு எவர்சில்வர் தட்டுகள் சமையலறை மேடையில் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குக் குடிபெயரும். கீழ்த்தட்டில் பழைய மிக்ஸி ஜாரும் திருப்பிக் கொடுக்க மறந்த டப்பாக்களும் சேரும். யூனிட் ஷோகேஸ் ஆகிவிடும்.

இது சோம்பலால் நேர்வதல்ல, அளவால் நேர்வது. ஒரே பெட்டிக்குள் நாம் இரண்டு அலமாரிகளை அடைக்கப் பார்க்கிறோம். ஒன்று கண்ணுக்கு, மற்றது கைக்கு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இந்தச் சிக்கலே எழவில்லை. சீராக வந்த பீங்கானும் எனாமல் சாமான்களும் தனி அறைகளில் பூட்டிக் கிடந்தன, விசேஷத்துக்கு மட்டும் வெளியே வந்தன. அடுக்குமாடி வீட்டில் அப்படி ஒரு அறை கிடையாது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஐந்தடிச் சுவர் ஒன்று கிடைக்கும். இரண்டு வேலையையும் அதுதான் செய்தாக வேண்டும்.

ஐந்தடி உயரமுள்ள ஒருவரைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பார்த்தால் பாதி வடிவமைப்பு முடிந்துவிடுகிறது. கையைத் தொங்கவிட்டால் விரல் மடிப்பு தரையிலிருந்து இரண்டடிக்குச் சற்று மேலே இருக்கும். முழங்கை மூன்றடியை ஒட்டி இருக்கும். தோள் நான்கடி. கண் நான்கடி எட்டு அங்குலம். கையை மேலே நீட்டி ஒரு பொருளைப் பிடித்து இறக்கக்கூடிய எல்லை ஏறக்குறைய ஆறடி. இதில் இரண்டடியிலிருந்து நான்கடி வரை உள்ள பட்டைதான் உடம்புக்குச் சிரமமில்லாத இடம். அங்கிருந்து எடுக்க முதுகு வளைய வேண்டாம், தோள் உயர வேண்டாம். அதற்கு மேலே போகப்போக எடையைத் தோளும் மணிக்கட்டும் மட்டுமே தாங்குகின்றன. ஆறு பீங்கான் தட்டுகளை அடுக்காகத் தலைக்கு மேலிருந்து இறக்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கண்ணின் கணக்கு வேறு. நின்றுகொண்டு பார்ப்பவருக்கு நான்கடியிலிருந்து ஆறடி வரை உள்ள பகுதி நேரே தெரிகிறது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து மூன்றே முக்கால் அடி உயரத்தில்தான் இருக்கும். ஆனால் சில அடி தள்ளி இருப்பதால் லேசாகத் தலை தூக்கினால் அதே பகுதி அவருக்கும் முழுதாகத் தெரியும். ஆக, கையின் பட்டை முடிகிற இடத்தில்தான் கண்ணின் பட்டை தொடங்குகிறது. இரண்டுக்கும் சண்டை வர வேண்டிய அவசியமே இல்லை. சண்டையை உண்டாக்குவது, கண்ணாடிக் கதவை மூன்றடியிலிருந்தே தொடங்கிவிடும் பழக்கம்தான். நல்ல செட் கையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அன்றாடத் தட்டு முழங்காலுக்குக் கீழே தள்ளப்படுகிறது.

அளவை முடிவுசெய்யும் முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. அன்றாடத் தட்டு இந்த யூனிட்டில் இருக்கத்தான் வேண்டுமா?

இதற்கு ஃபின்லாந்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. அங்கே பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் மேலே, அடிப்பலகை இல்லாத ஓர் அலமாரி பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. உள்ளே கம்பித் தட்டுகள். கழுவிய தட்டை ஈரத்தோடு அப்படியே மேலே செருகிக் கதவை மூடிவிடுவார்கள். நீர் தொட்டிக்குள்ளேயே சொட்டும். தட்டு காய்கிற இடமும் அடுத்த வேளை எடுக்கிற இடமும் ஒன்றே. வேலைத்திறன் ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய மைய்யு கெப்ஹார்ட் 1944-45இல் இதை உருவாக்கினார். துடைப்பது, தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் அடுக்குவது என்ற இரண்டு வேலைகள் அதனால் இல்லாமல் போயின.

அன்றாடத் தட்டு எங்கே சாப்பிடுகிறோமோ அந்த இடத்தை மட்டும் பார்த்துக் குடியேறுவதில்லை, எங்கே கழுவுகிறோமோ அதையும் பார்க்கிறது. தொட்டியிலிருந்து மேசைக்குப் போகிற வழியிலேயே யூனிட் இருந்தால் தட்டுகள் அங்கே தங்கும். மேசையைத் தாண்டி ஹாலின் மறு கோடியில் இருந்தால் எத்தனை நல்ல டிராயர் செய்தாலும் தங்காது. அப்படிப்பட்ட வீட்டில் சாப்பாட்டுத் தட்டைச் சமையலறையிலேயே விட்டுவிட்டு, மேசையில் மட்டுமே புழங்குகிற டிஃபன் தட்டு, ஸ்பூன், டம்ளர், மேட் ஆகியவற்றை யூனிட்டுக்குக் கொண்டுவருவது நல்லது.

ஈரம் இன்னொரு எல்லை. ஃபின்லாந்து அலமாரிக்குக் கீழே தொட்டி இருக்கிறது. நம் கிராக்கரி யூனிட்டுக்குக் கீழே இருப்பது பிளைவுட். மாடுலர் கிச்சன் கடைகளில் கிடைக்கும் ‘தாலி பாஸ்கெட்’ என்ற கம்பிக் கூடையைச் சிலர் இதற்குள் பொருத்திவிடுகிறார்கள். சமையலறையில் அது சரி. சாப்பாட்டு அறையில், கூடையிலிருந்து சொட்டும் நீர் அடிப்பலகையின் மூலையில் தேங்கி, மைக்காவின் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். விளிம்புப் பட்டி உப்பிக்கொண்டு வருவதும், கதவைத் திறந்தவுடன் வரும் ஊறல் வாடையும் முதல் அடையாளங்கள். கரப்பான் அதற்குப் பிறகு வரும். கம்பிக்கூடைதான் வேண்டுமென்றால் அடியில் ஒரு எவர்சில்வர் தாம்பாளமாவது இருக்க வேண்டும். காய்ந்த தட்டை மட்டுமே வைப்பது என்ற பழக்கம் இருந்தால் கூடையே தேவையில்லை, டிராயர் போதும்.

இனி அந்த ஐந்தடிச் சுவருக்கு வருவோம். அகலம் 60 அங்குலம், உயரம் 84 அங்குலம், நான்கு பேர் உள்ள வீடு, தட்டு எடுப்பவர் ஐந்தடி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். முக்கால் அங்குலப் பிளைவுட்டில் இரண்டு ஓரப் பலகை, நடுவில் இரண்டு தடுப்பு. மொத்தம் நான்கு பலகைகளுக்கு மூன்று அங்குலம் போக 57 மிஞ்சும். அதை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டமும் உள்ளே 19 அங்குலம். இந்தப் பத்தொன்பதைத்தான் பிறகு பல இடங்களில் நம்பப்போகிறோம்.

தரையோடு நான்கு அங்குலம் கட்டை. துடைக்கிற நீரும் கரையானும் பலகையைத் தொடாமல் இருக்க அது வேண்டும். நான்கிலிருந்து 22 அங்குலம் வரை சாதாரணக் கதவு போட்ட அலமாரி. அடிக்கடி தேவைப்படாத பெரிய பாத்திரம், ஹாட் பேக், டின்னர் செட்டின் பெட்டி எல்லாம் இங்கே. அதற்கு மேல், 22இலிருந்து 35 வரை, இரண்டு வரிசை டிராயர். கீழ் வரிசை எட்டு அங்குலம், மேல் வரிசை ஐந்து. மேலே மேடைப்பலகை, அதன் மேல்பரப்பு தரையிலிருந்து மூன்றடி. இந்தக் கீழ்ப்பகுதியின் ஆழம் 18 அங்குலம்.

மேடைக்கு மேலே 14 அங்குலம் திறந்தவெளி. அதற்கு மேல், தரையிலிருந்து 50 அங்குலத்தில் தொடங்கி 84 வரை கண்ணாடிக் கதவுப் பகுதி. மேல்பகுதியின் ஆழம் 13 அங்குலம் மட்டுமே. கீழே 18, மேலே 13 என்று படி விட்டுச் செய்வது அழகுக்காக மட்டுமல்ல. மேலும் கீழும் ஒரே ஆழத்தில் செய்தால் மேடையில் எதையாவது வைத்து எடுக்கும்போது மேல் கதவின் விளிம்பு நெற்றியில் இடிக்கும்.

இந்த அமைப்பின் உயிர்நாடி நடுவில் இருக்கும் டிராயர் வரிசை. தட்டு என்றால் அலமாரியில் அடுக்குவது என்று பழகிவிட்டதால் டிராயரில் தட்டு வைக்கப் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. வித்தியாசம் எளிது. அலமாரியில் பின்னால் இருப்பதை எடுக்க முன்னால் இருப்பதை நகர்த்த வேண்டும். டிராயர் முழுதாக வெளியே வரும்போது பின்னால் என்று ஒன்று இல்லை. எல்லாமே மேலிருந்து பார்த்தால் தெரிகிறது. அதோடு, இந்த உயரத்தில் எட்டு வயதுக் குழந்தையும் தன் தட்டைத் தானே எடுத்துக்கொள்ளும்.

19 அங்குலக் கட்டத்தில் இரண்டு பக்கமும் டெலஸ்கோப்பிக் சேனலுக்கு அரை அங்குலம் வீதம் விட்டு, டிராயரின் பக்கப் பலகைகளையும் கழித்தால் உள்ளே பதினாறரை அங்குலம் கிடைக்கும். சாப்பாட்டுத் தட்டு 11 அங்குலம். பக்கத்தில் நாலரை அங்குலக் கிண்ணம் ஒரு வரிசை. கூட்டினால் பதினைந்தரை, விரல் விட்டு எடுக்க ஓர் அங்குலம் மிச்சம். எட்டுத் தட்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால், விளிம்பின் உயரத்தைப் பொறுத்து நான்கைந்து அங்குல உயரம் வரும்; எட்டு அங்குல டிராயருக்குள் அது அடங்கும். நேர் விளிம்புத் தட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்காது, அவை இன்னும் உயரமாக நிற்கும். ஆகவே ஆசாரி பலகையை அறுக்கும் முன் வீட்டுத் தட்டுகளை மேசையில் அடுக்கி அளந்துகொள்வது அவசியம். எத்தனை துல்லியமாகச் செய்தாலும் அளவு எடுத்தது கடையில் பார்த்த தட்டை என்றால் பயனில்லை.

டிராயர் இழுக்கும்போது அடுக்கு சரிந்து பீங்கான் ஒன்றோடொன்று மோதுவது இன்னொரு கவலை. எவர்சில்வருக்கு இது வெறும் சத்தம். அன்றாடமே பீங்கானிலோ ஓப்பல் தட்டிலோ சாப்பிடுகிற வீடு என்றால் டிராயரின் அடியில் துளையிட்ட பலகை ஒன்றைப் போட்டு, தட்டடுக்கைச் சுற்றி நான்கு மரமுளைகள் செருகிவிடலாம். தட்டு மாறினால் முளையும் இடம் மாறும். ரப்பர் விரிப்பு மட்டும் போட்டால் அடியிலிருக்கும் தட்டு நகராது, மேலிருப்பவை நகரும்.

டிராயருக்கு ஒரு விலை உண்டு, அது தரையில் கொடுக்க வேண்டிய இடம். 16 அங்குலம் வெளியே வந்த டிராயருக்கு முன்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றால் யூனிட்டுக்கும் மேசைக்கும் நடுவே குறைந்தது மூன்றடி வேண்டும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தால் அதிலும் பாதி போய்விடும். இந்த மூன்றடி இல்லாத வீட்டில் மேசையைச் சுவரோடு ஒட்டுவதா, டிராயரைக் குறுக்கி மேடையின் மேல் தட்டு ஸ்டாண்டை வைப்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். பின்னது ஒன்றும் தோல்வியல்ல. மேடைக்கு மேலே விட்ட 14 அங்குலத் திறந்தவெளி அதற்குத் தோதான இடம்தான்: 11 அங்குலத் தட்டு செங்குத்தாக நிற்கும், கையை வளைக்காமல் எடுக்கலாம், கதவும் இல்லை. தூசி படியும் என்ற குறை உண்டு. ஆனால் தினமும் கழுவப்படும் தட்டில் எந்தத் தூசி எத்தனை நாள் தங்கிவிடும்?

காட்சிக்கு வைக்கிற செட்டின் கதை வேறு. அது மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும்.

வேல்ஸ் நாட்டுப் பண்ணைவீடுகளில் ‘டிரெஸ்ஸர்’ என்ற மரச்சாமான் இதே ஐந்தடிச் சிக்கலுக்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கிடைத்த விடை. மேலே ஆழம் குறைந்த தட்டுகளில் நீலவெள்ளைப் பீங்கான் நிற்கும், நடுவில் டிராயர், கீழே அலமாரி அல்லது திறந்த பலகை. தட்டு வழுக்கி விழாமலிருக்கப் பலகையில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள், அல்லது குறுக்கே சிறு கம்பு ஓட்டியிருப்பார்கள். அயர்லாந்தின் பழைய டிரெஸ்ஸர்கள் சிலவற்றில் தட்டுகள் பின்னால் சாயாமல், கம்பின் மேல் முன்னால் சாய்ந்து நின்றன. பார்க்க விநோதமாக இருந்தாலும் காரணம் உண்டு: கணப்பின் புகையும் தூசியும் தட்டின் முகத்தில் படியாமல் முதுகில் படியும்.

நம் யூனிட்டில் கண்ணாடிக் கதவு இருப்பதால் பின்னால் சாய்த்தே நிறுத்தலாம். பின்பலகையிலிருந்து இரண்டரை அங்குலம் தள்ளி, கால் அங்குல ஆழத்தில் ஒரு காடி போதும். பெரிய தட்டு பத்தரை அங்குல விட்டம் என்றால் தட்டுக்குத் தட்டு 12 அங்குல இடைவெளி வேண்டும். மேல்பகுதியின் மொத்த உயரமான 34 அங்குலத்தில் இது இரண்டு தளத்துக்குச் சரியாக இருக்கும். மூன்றாவது தளத்துக்குக் குறைந்த உயரமே மிஞ்சும்.

எதை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஆறு பேருக்கான செட்டில் இருக்கும் முப்பது சொச்சம் உருப்படிகளையும் வரிசையாக நிறுத்தினால் யூனிட் கடை அலமாரி போலத் தெரியும். ஆறு பெரிய தட்டும் ஒரே ஓவியத்தைத்தான் சுமக்கின்றன. அதில் மூன்றை நிறுத்தினால், கட்டத்துக்கு ஒன்றாக, செட்டின் அழகு முழுதும் தெரிந்துவிடும். மீதி மூன்றையும் அதே தளத்தில் படுக்கவைத்து அடுக்க உள் ஆழம் போதாது. நிற்கும் தட்டுக்கு முன்னால் மிஞ்சுவது ஏழெட்டு அங்குலம். அங்கே ஏழு அங்குலச் சிறு தட்டுகளும் கிண்ணங்களும் தாழ்வான அடுக்காக உட்காரும், பின்னால் நிற்கும் தட்டின் ஓவியத்தையும் மறைக்காது. மிச்சப் பெரிய தட்டுகள் கீழ் அலமாரிக்குப் போகலாம். மூடியோடு கூடிய பரிமாறும் பாத்திரம்தான் செட்டிலேயே கனமானது; அதை உச்சியில் கிரீடம் போல வைப்பது நம் ஊர் வழக்கம், பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆறடிக்கு மேலிருந்து மூடி தனியே நழுவும் பாத்திரத்தை இறக்குவது ஆபத்து. கண்ணாடிப் பகுதியின் அடித்தளமே அதற்கு இடம். உச்சித் தளத்தில் எடை குறைந்த கோப்பைகளையும், எடுக்கவே எடுக்காத அலங்காரப் பொருட்களையும் வைக்கலாம்.

பீங்கானை அடுக்கும்போது கவனிக்க ஒன்று. தட்டின் அடியில் தரையைத் தொடும் வளையத்தில் பல செட்களில் மினுக்குப் பூச்சு இருக்காது, சொரசொரப்பாக இருக்கும். மேல் தட்டின் அந்த வளையம் கீழ்த் தட்டின் முகத்தில் உரசி மெல்லிய சாம்பல் கோடுகளை விடும், தங்கக்கோடு இருந்தால் அதையும் தேய்க்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு மெல்லிய துணி போதும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

இப்போது நடுத்தடுப்புகளுக்கு வருவோம். ஐந்தடி அகலத்தில் பார்வையை மறைக்காமல் ஒரே நீளப் பலகையாக வேண்டும் என்று கேட்கிற வீடுகள் நிறைய. “எதுக்குங்க நடுவுல கட்டை? செட்டே தெரியாது” என்பார்கள். ஆசாரியும் வாடிக்கையாளர் விருப்பம் என்று செய்துகொடுத்துவிடுவார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 மி.மீ. பிளைவுட், ஒரு அடி ஆழம், நடுவில் தாங்கல் இல்லாமல் நாலே முக்கால் அடி நீளம், மேலே 20 கிலோ பீங்கான் பரவலாக இருக்கிறது. கனமான செட்டுக்கு இது மிகையான எடை அல்ல. பெரிய தட்டு ஒன்றே அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை இருக்கும். இந்தப் பலகை நடுவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தொய்யும். ஒரு அடி நீளத்துக்கு அரை மில்லிமீட்டர் தொய்ந்தாலே கண் கண்டுபிடித்துவிடும் என்பது தச்சு வேலையில் உள்ள பொதுக் கணக்கு. அதன்படி இந்த நீளத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான் எல்லை. நாம் அதைப் போல நான்கு மடங்கில் நிற்கிறோம். அதுவும் முதல் நாள் கணக்கு. மரப்பலகை தொடர்ந்து எடையைச் சுமந்தால் வருடக்கணக்கில் மேலும் மெல்ல இறங்கும்.

அதே பலகையை இரண்டு தடுப்புகளால் மூன்றாக்கினால் என்ன ஆகும்? தொய்வு மூன்றில் ஒன்றாகக் குறையும் என்று தோன்றும். அடிக்கு இத்தனை கிலோ என்று எடை சீராக இருக்கும்போது தொய்வு நீளத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. ஆக மூன்றை நான்கு முறை பெருக்க வேண்டும். 81 மடங்கு குறைகிறது. ஒரு சென்டிமீட்டர் இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம். இரண்டு கட்டை செய்யும் வேலை இது. தடுப்பே வேண்டாம் என்றால் பலகையின் முன் விளிம்பில் ஒன்றரை அங்குல உயர மரச்சட்டம் ஒட்டுவது அடுத்த வழி. அதுவும் நன்றாகத் தாங்கும், ஆனால் கீழ்த் தளத்தின் திறப்பைக் கொஞ்சம் விழுங்கும்.

தளங்களைக் கண்ணாடியில் போடலாமா என்ற கேள்வி அடுத்து வரும். 8 மி.மீ. கண்ணாடியும் 18 மி.மீ. பிளைவுட்டும் விறைப்பில் ஏறக்குறைய சமம். வித்தியாசம் முறியும் விதத்தில். பிளைவுட் தொய்ந்து முன்கூட்டியே சொல்லும்; கண்ணாடி சொல்லாது. ஆகவே 19 அங்குலக் கட்டத்துக்கு 8 மி.மீ. டஃபண்ட் கண்ணாடி தாராளம், ஐந்தடிக்கு ஒரே கண்ணாடி கூடாது. காடி வெட்ட முடியாதென்பதால் தட்டுகளுக்குச் சிறு ஸ்டாண்ட் தேவைப்படும். இன்னொன்று, டஃபண்ட் செய்தபின் அந்தக் கண்ணாடியை ஒரு நூல் அளவு கூட அறுக்கவோ துளைக்கவோ முடியாது. முயன்றால் முழுதும் பொடிப்பொடியாகும். பெட்டி பொருத்தி முடிந்தபிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே அளந்து, அதன் பிறகே கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே கொடுத்துவிட்டு, இரண்டு மில்லிமீட்டர் அதிகமாக வந்த கண்ணாடியைச் சுவரோடு சாய்த்துவைத்திருக்கும் வீடுகள் உண்டு.

கண்ணாடித் தளத்தின் உண்மையான லாபம் வெளிச்சம். உச்சியில் போட்ட விளக்கு கீழ்த் தளம் வரை இறங்கும். பிளைவுட் தளம் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி எல்இடி பட்டை வேண்டும். அந்தப் பட்டையைப் பின்பலகையோடு ஒட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வெளிச்சம் தட்டுக்குப் பின்னாலிருந்து வந்தால் தட்டின் முகம் இருண்டு, ஓரம் மட்டும் ஒளிரும். பட்டை தளத்தின் முன் விளிம்புக்கு உட்புறமாக இருந்து, 45 பாகை சாய்வில் உள்நோக்கி அடிக்க வேண்டும். அப்போது ஓவியமும் தங்கக்கோடும் தெரியும், பார்ப்பவர் கண்ணில் விளக்கும் படாது. நிறம் 3000 கெல்வினை ஒட்டி இருக்கட்டும். 6500 கெல்வின் பளீர் வெள்ளையில் போன் சைனாவின் இளம் பால்நிறம் நீலம் பாய்ந்து தெரியும். மூன்று தளத்துக்கும் சேர்த்து நாலரை மீட்டர் பட்டை, மீட்டருக்குப் பத்து வாட் என்றால் 45 வாட். 60 வாட் டிரைவர் ஒன்று போதும். அந்த டிரைவரைப் பின்பலகைக்குப் பின்னால் அடைத்துவிட்டால் சூட்டில் சீக்கிரம் போகும், போனபின் மாற்ற யூனிட்டையே கழற்ற நேரும். யூனிட்டின் தலைமேல், கைக்கு எட்டும்படி வைப்பது நல்லது. மின் இணைப்பு வரும் இடத்தைப் பெயின்ட் அடிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கதவுக் கண்ணாடி எப்படிப்பட்டது என்பதில் ரசனைக்கு இடமுண்டு. கோடு போட்ட கண்ணாடி இப்போது எங்கும் பரவியிருக்கிறது. உள்ளிருக்கும் ஒழுங்கின்மையை அது மறைக்கும், ஆனால் டின்னர் செட்டையும் சேர்த்து மறைக்கும். காட்டத்தான் செய்கிறோம் என்றால் தெளிந்த கண்ணாடியே பொருத்தம். 19 அங்குல அகலம், 34 அங்குல உயரம், 5 மி.மீ. தடிமன் என்றால் கண்ணாடி மட்டும் ஐந்து கிலோவைத் தாண்டும். அலுமினியச் சட்டத்தோடு ஆறரைக் கிலோ. இதற்கு இரண்டு கீல் போட்டு ஒப்பேற்றுவதுண்டு. சில மாதங்களில் கதவின் கைப்பிடிப் பக்கம் கீழிறங்கி, பக்கத்துக் கதவோடு உள்ள இடைவெளி மேலே ஒடுங்கியும் கீழே அகலமாகவும் தெரியும். மூன்று கீல் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கடைசி வேலை சுவரில். டிராயர்களில் தட்டும் கிண்ணமும் நிறைந்திருக்கும்போது மூன்றையும் ஒன்றாக இழுத்தால் யூனிட்டின் எடை முன்னால் சாய்கிறது. குழந்தை ஒன்று கீழ் டிராயரில் கால் வைத்து ஏறினால் மேலே பீங்கானும் கண்ணாடியும் இருக்கின்றன. மேல்பகுதியின் உச்சியில் இரண்டு இடத்தில் எல் ஆங்கிள் வைத்துச் சுவரில் திருகுவது இதற்காகத்தான். செங்கல் சுவரில் சாதாரண ஆங்கர் பிடிக்கும். புது அடுக்குமாடிகளில் சுவர் பெரும்பாலும் இலேசான ஏஏசி பிளாக். அதில் சாதாரண பிளக் போட்டால் துளை பொடியாக உதிர்ந்து, கையால் இழுத்தாலே திருகு வெளியே வரும். அந்த பிளாக்குக்கென்று தனி ஆங்கர் கடையில் கிடைக்கிறது. துளை போடும்போது உதிர்வது செந்தூளா, சாம்பல்வெள்ளைத் தூளா என்று பார்த்தாலே எந்தச் சுவர் என்று தெரிந்துவிடும். ஆங்கிள் பொருத்தியபின் டிராயர்களில் தட்டுகளை நிரப்பி, மூன்றையும் முழுக்க வெளியே இழுத்து, உச்சியில் கைவைத்து முன்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவே ஒரு கோடு கூட விரியவில்லை என்றால் பீங்கானை மேலே ஏற்றலாம்.